நிலுவைப் பணமும் அதைக் கேட்கும் கடிதமும்

கிள்ளானிலிருந்து பந்திங்குக்குச் செல்லும் சாலையை ஒட்டி, தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்து நிலங்களில் விளைந்த வெண்டையும் பயற்றங்காயும் லாரியேறி மொத்த வியாபாரியின் கடையில் இறங்கிய கணமே, விவசாயியின் கையிலிருந்த பொருள் போய், அதன் ஸ்தானத்தில் ஒரு கடன் மட்டுமே எஞ்சுகிறது. அழுகும் சரக்காதலால் அதைத் திரும்ப எடுத்து வருவதில் பிரயோஜனமில்லை. பணம் வரும்வரை பொருளைத் தன்னிடமே நிறுத்திவைத்துக்கொள்ள விற்றவனுக்கு 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் அளிக்கும் உரிமையும், சரக்கை ஒப்படைத்ததோடு தீர்ந்துவிடுகிறது. ஆகவே, பணம் தாமதப்படும்போது விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்திற்கு மிஞ்சியிருக்கும் முதற் கருவி, அது வியாபாரிக்கு எழுதும் கடிதமே. அந்தக் கடிதம் உரிமையைக் காக்கவும் கூடும். ஒரே வாக்கியத்தில் உரிமையை இழக்கச் செய்யவும் கூடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதத்தில் மூன்று தடவை காய்கறி அனுப்பிய ஒரு சங்கத்திற்கு, மே மாதம் பிறந்தும் பெரும்பகுதிப் பணம் வந்து சேரவில்லை. பொறுமையிழந்த நிர்வாகி ஒருவர் இரவில் வாட்ஸ்அப்பில் இவ்வாறு எழுதி வைத்திருக்கிறார்: “அண்ணே, எத்தனை தடவை போன் பண்ணுறது? எங்க ஆளுங்க வயித்துல அடிக்காதீங்க. இந்த வாரத்துக்குள்ள காசு வரலன்னா போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுவோம், எல்லா குரூப்லயும் உங்க பேரைப் போட்டு ஏமாத்துக்காரர்னு சொல்லுவோம். குடுக்கறதைக் குடுத்து கணக்கை முடிச்சு விடுங்க.”

இதிலுள்ள கோபம் நியாயமானதே. ஆயினும் இதை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வாக்கியத்தையும் பரிசீலிப்பது அவசியம். முதலாவதாக, எந்தத் தேதியில் எந்தச் சரக்கு, எவ்வளவு தொகை, எந்நாளில் கொடுத்திருக்க வேண்டியது என்ற விவரம் ஒன்றுகூட இதில் இல்லை. இரண்டாவதாக, வாங்கிய பொருளுக்குப் பணம் தராமை மாத்திரம் குற்றமாகிவிடாது. வாங்கும்போதே தராத எண்ணத்தோடு வஞ்சித்தார் என்பதற்கு ஆதாரம் இருந்தாலன்றி, இது சிவில் விவகாரமென்றே காவல் நிலையத்தில் சொல்லுவார்கள். மூன்றாவதாக, ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று பலர் காணப் பகிரங்கப்படுத்தினால், பணம் கேட்க வேண்டிய சங்கமே அவதூறு வழக்கில் பிரதிவாதியாக நிற்க நேரிடும்.

எனினும், இம்மூன்றையும்விட அபாயகரமானது, சமாதானமாகத் தோன்றும் அந்தக் கடைசி வாக்கியமே. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு, கடன் கொடுத்தவர் தமக்கு வர வேண்டிய முழுத் தொகைக்குப் பதிலாகக் குறைந்த ஒரு தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால், மீதிக் கடனும் அத்துடன் ஒழிந்தது என்று விதிக்கிறது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில், குறைந்த தொகையை வாங்கிக்கொண்ட பிறகும் மீதியைக் கேட்கலாம் என்றிருந்த நிலை இங்கே இல்லை. 1966-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கு இதற்குச் சான்று. எண்ணாயிரம் வெள்ளிக்கு மேற்பட்ட தீர்ப்புக் கடனொன்றுக்கு, கடனாளியின் மகன் 4,000 வெள்ளிக்கான காசோலையை முழுத் தீர்வாக அனுப்பி, சம்மதமில்லையேல் திருப்பி அனுப்பிவிடும்படி எழுதியிருந்தார். கடன் கொடுத்த தரப்பார் காசோலையை மாற்றிப் பணத்தை வைத்துக்கொண்டு, மீதிக்காக நடவடிக்கை தொடுத்தபோது, அந்த மீதியைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆகையால், “குடுக்கறதைக் குடுத்து முடிச்சு விடுங்க” என்று எழுதிய சங்கத்திற்கு வியாபாரி சிறு தொகையொன்றை அனுப்பி, கணக்கு முடிந்தது என்று வாதிப்பாராயின், அந்த வாதத்திற்குச் சங்கமே கைச்சாத்துக் கொடுத்ததாகிவிடும்.

புதிய கடிதத்திற்கு முதலில் வேண்டுவது தவணை நாள். கரும்புக்கு 14 நாளுக்குள் ஆலை பணம் தரத் தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்று இந்தியாவின் 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை விதித்ததும், சிறு உற்பத்தியாளரின் அழுகும் விளைபொருளுக்குப் பெரிய வணிகர் 30 நாளுக்குள் பணம் தர வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் விதித்ததும், நாளைச் சட்டமே குறித்துக் கொடுத்ததற்கு உதாரணங்கள். சிலாங்கூரில் வெண்டைக்காய் விற்கும் சங்கமோ தன் ஒப்பந்தத்தையே நம்பியிருக்கிறது. நாள் எதுவும் பேசப்படாவிடில், சரக்கை ஒப்படைப்பதும் விலையைக் கொடுப்பதும் ஒருங்கே நிகழ வேண்டியவை என்பதே பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது விதி. வாய்ப்பேச்சாக முப்பது நாள் தவணை கூறப்பட்டிருந்தாலும் அது செல்லும். முந்தைய மாதங்களில் அவ்வாறே பணம் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கும், கடையில் கையெழுத்திட்டு வாங்கிய டெலிவரி ஆர்டர் சீட்டுகளும் அதற்கு ஆதாரமாகும்.

இரண்டாவது, தகராறுள்ள தொகையைத் தகராறில்லாத தொகையிலிருந்து பிரித்து வைப்பது. நம் உதாரணத்தில், கடைசிச் சரக்கில் 150 கிலோ பழுதாயிருந்தது என்று வியாபாரி பல வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். நிராகரிப்பதாயின் நியாயமான காலத்திற்குள் தெரிவிக்க வேண்டும். சரக்கைத் தமதாக்கி விற்றுவிட்டவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். ஆயினும் ஏற்றுக்கொண்ட பிறகும் தரக்குறைவுக்காக விலையில் கழிவு கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டாதலால், அந்தக் குறையை அறவே மறுத்துச் சண்டையிடுவதைவிட, அதன் மதிப்பை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு ஏனையதை உடனே கேட்பதே விவேகம். அறுநூறு ரிங்கிட் வழக்கைக் காட்டி ஏழாயிரத்தையும் நிறுத்திவைக்கும் சாக்கு அதனால் அற்றுப்போகும்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துத் திருத்தி எழுதினால், கடிதம் பின்வருமாறு அமையும்:

“மே 4. பொருள்: மார்ச் மாதம் ஒப்படைத்த காய்கறிகளுக்கான நிலுவை, 7,300 ரிங்கிட்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் சங்கம் தங்கள் கடையில் மார்ச் 3 அன்று 800 கிலோ வெண்டைக்காய் (கிலோ 4 ரிங்கிட், 3,200 ரிங்கிட்), மார்ச் 10 அன்று 700 கிலோ பயற்றங்காய் (கிலோ 5 ரிங்கிட், 3,500 ரிங்கிட்), மார்ச் 17 அன்று 900 கிலோ வெண்டைக்காய் (கிலோ 4 ரிங்கிட், 3,600 ரிங்கிட்) ஆக மொத்தம் 10,300 ரிங்கிட் பெறுமானமுள்ள சரக்கை ஒப்படைத்தது. கையெழுத்திட்ட சீட்டுகளின் நகல்கள் இத்துடன் உள்ளன. சரக்கு இறங்கிய 30 நாளில் பணம் என்ற நம் ஏற்பாட்டின்படி, தவணைகள் முறையே ஏப்ரல் 2, 9, 16 ஆகிய தேதிகளில் முடிந்தன. ஏப்ரல் 12 அன்று தாங்கள் செலுத்திய 3,000 ரிங்கிட்டைப் பகுதித் தொகையாக வரவு வைத்துள்ளோம்.

மார்ச் 17 சரக்கில் 150 கிலோ பழுது என்று தெரிவித்தீர்கள். அதன் மதிப்பான 600 ரிங்கிட்டுக்குரிய கழிவை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எனினும் படமோ எடைச் சீட்டோ மே 11-க்குள் அனுப்பினால் எங்கள் ஆட்சிக்குழு பரிசீலிக்கும். தகராறில்லாத 6,700 ரிங்கிட்டை மே 18-க்குள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறோம். அதற்குக் குறைந்த எத்தொகை வந்தாலும் அது பகுதித் தொகையாகவே வரவு வைக்கப்படும். முழுத் தீர்வாக ஏற்கப்படமாட்டாது. ஒரே தடவையில் செலுத்த இயலாதாயின், தொகைகளையும் தேதிகளையும் குறித்துக் கையெழுத்திட்டு எழுத வேண்டுகிறோம். மே 18-க்குள் இரண்டில் ஒன்றும் நிகழாவிடில், நீதிமன்றத்தின் மூலம் வசூலிக்க நடவடிக்கை எடுப்போம். நிலுவை தீரும்வரை புதிய சரக்கு ரொக்கத்திற்கே தரப்படும்.

சங்கத்தின் பொருட்டு, செயலாளர்.”

இக்கடிதத்தில் வட்டி சேர்க்கப்படாததைக் கவனிக்க வேண்டும். தாமத வட்டி முன்னரே ஒப்பந்தத்தில் இல்லையாயின், மாதம் இரண்டு விழுக்காடு என்று தன்னிச்சையாகச் சேர்த்தால் கடிதத்தின் மதிப்பே குறையும். வழக்கில் வட்டி விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு. மேலே “உரிமைக்குப் பாதகமின்றி” என்ற தலைப்பைப் பழக்கம் காரணமாகப் போட்டுவிடுவதும் தவறு. அது சமரசப் பேச்சுக்குரிய முத்திரை. அதைச் சூட்டினால், இக்கடிதத்தைச் சாட்சியமாகக் காட்டும்போதே ஆட்சேபம் எழும். ரொக்கத்திற்கே சரக்கு என்ற வரியையும், வரும் மாதங்களுக்குக் கடனில் தருவதாக முன்பே எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் எதுவுமில்லை என்று நிச்சயித்த பிறகே சேர்க்க வேண்டும்.

கடிதம் யாருக்கு என்பதும் சிறு விஷயமன்று. கடைப் பலகையில் உள்ள பெயர் ஒரு தனிமனிதரின் வியாபாரமா, செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமா என்பதை மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவேட்டில் பார்த்து, கடனாளி எவரோ அவருடைய பதிவுப் பெயருக்கும் முகவரிக்கும் அனுப்ப வேண்டும். தவறான பெயரின் மீது பெற்ற தீர்ப்பு வசூலுக்கு உதவாது. தமிழ் வியாபாரிக்குத் தமிழில் எழுதினாலும் மலாய்ப் பிரதியொன்றை இணைத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு பதிவுத் தபாலிலும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துவது நலம். 1993-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம் சட்டத்தின் கண்ணில் தனியொரு நபராதலால், ஆட்சிக்குழுவின் தீர்மானத்தோடு சங்கத்தின் பெயராலேயே கடிதம் போக வேண்டும். உறுப்பினர்கள் தத்தம் கைப்பேசியிலிருந்து தனித்தனியே பேரம் பேசலாகாது.

மே 18 கடந்தும் பதில் இல்லையெனில் எங்கே போவது? பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் பொருள் வாங்கும் பயனீட்டாளருக்கானது. மொத்த வியாபாரிக்குச் சரக்கு விற்ற சங்கம் அங்கே வழக்காட முடியாது. வழக்கறிஞரின்றி நடத்தும் சிறு கோரிக்கை நடைமுறையும் தனிமனிதர் வாதியாயிருக்கும் வழக்குகளுக்கே உரியது. ஆகவே, 1,00,000 ரிங்கிட் வரை சிவில் வழக்குகளை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றமே சங்கத்திற்குரிய இடம். கோலலங்காட் மாவட்டத்தில் தெலுக் டத்தோவிலும், வியாபாரி இருக்கும் கிள்ளானிலும் அத்தகைய நீதிமன்றங்கள் உண்டு. வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணிப் பார்க்கும்போது, ஏழாயிரம் ரிங்கிட்டுக்குத் தவணை ஒப்பந்தமே இலாபம் என்று ஆட்சிக்குழு முடிவு செய்யலாம்; அவ்வாறாயின், ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே செலுத்தத்தக்கதாகும் என்ற வாசகம் அதில் இடம்பெற வேண்டும்.

ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் ஆறு ஆண்டுகள் தருகிறது. கடனாளி கையெழுத்திட்டு எழுத்தால் ஒப்புக்கொண்டாலோ, பகுதித் தொகை செலுத்தினாலோ, அந்தக் காலம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். வியாபாரியிடமிருந்து தேதி குறித்த ஒரு பதிலைக் கடிதம் வற்புறுத்திக் கேட்பது இதன் பொருட்டே. அடுத்த லாரி கிளம்புவதற்கு முன், ஒவ்வொரு டெலிவரி ஆர்டர் சீட்டிலும் விலை, பணம் செலுத்த வேண்டிய நாள், தாமத வட்டி, பழுது இருப்பின் 24 மணி நேரத்திற்குள் படத்தோடு தெரிவிக்க வேண்டுமென்ற நிபந்தனை ஆகிய நான்கையும் அச்சிட்டு, சரக்கை இறக்கும்போதே கையெழுத்து வாங்கும் சங்கத்திற்கு, இத்தகைய கடிதத்தை எழுத அரை மணி நேரம் போதும். அதற்கு மறுப்புச் சொல்வது வியாபாரிக்கு எளிதாயிராது.