ஒலியின் வேகமும் கூம்பின் கோணமும்

இலட்சிய வாயுவொன்றில் வெப்பநிலை மாறாதிருக்க அமுக்கம் குறையின், அடர்த்தியும் அதே விகிதத்தில் குறையும். ஆதலின் ஒலியின் வேகத்தைத் தனிவெப்பநிலையே நிருணயிக்கின்றது. வளியில் அது செக்கனுக்கு √(1.4 × 287 × T) மீற்றராகும்.

2003 வரை பயணிகளை ஏற்றிச்சென்ற கொன்கோட் விமானம் பறந்த உயரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 217 கெல்வின். ஆங்கு ஒரு செக்கனில் ஒலி 295 மீற்றர் பரவ, விமானம் 590 மீற்றர் முன்செல்லும். பின்தங்கிய ஒலிக்கோளங்களைத் தொட்டுச் செல்லும் மேற்பரப்பு ஒரு கூம்பாகும். கோளத்தின் ஆரை தொடுகோட்டுக்குச் செங்குத்தாதலின், கூம்பின் அரைக்கோணத்தின் சைன் 295/590. கோணம் 30 பாகை.

300 கெல்வின் வெப்பநிலையுள்ள வளியில் ஒலியின் வேகம் 347 மீற்றர். விமானத்தின் வேகம் மாறாதிருப்பினும் கோணம் 36 பாகையாக விரியும்.

விமானத்தை அடுத்துள்ள வலிய அதிர்ச்சியலை ஒலியினும் விரைந்து செல்லுமாதலின், ஆங்குக் கோணம் இதனினும் பெரிது. அவ்வலை தொலைவில் நலிந்த பின்னரே இக்கணக்குப் பொருந்தும்.