கிராங்க் சுற்றினால் பிஸ்டன் எங்கே நிற்கும்?

திருவொற்றியூரில் பல்லாண்டுகள் தயாரான பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் துளையின் விட்டம் 70 மி.மீ. அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. இந்த இரண்டு அளவும் சேர்ந்துதான் 346 சி.சி. ஆகின்றன. கணினியில் எந்திர வரைபடம் பழகும் ஒரு மாணவர் இந்த எஞ்சினைத் திரையில் பூட்டிப் பார்க்க உட்காருகிறார். சிலிண்டருடன் சேர்ந்த கிராங்க்கேஸ், கிராங்க், கனெக்டிங் ராட், பிஸ்டன், பிஸ்டன் பின் என்று ஐந்து பாகங்களையும் தனித்தனியே வரைந்து முடித்துவிட்டார். இப்போது அவை ஒரே கோப்பில், விண்வெளியில் மிதப்பவைபோலச் சிதறிக் கிடக்கின்றன. மவுஸால் இழுத்தால் இழுத்த பக்கம் போகின்றன.

பட்டறையில் பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்கிவிட்டால் இரும்பே இரும்பைத் தடுக்கும். திரையில் அப்படி இல்லை. சொல்லாதவரை பிஸ்டன் சிலிண்டர் சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வரும். பாகங்களுக்கு இடையே நாம் சொல்லும் உறவைத்தான் சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் ‘மேட்’ என்கிறார்கள். எந்த மேட்டை எங்கே கொடுப்பது, அதைவிட முக்கியமாக எதைக் கொடுக்காமல் விடுவது என்பதில்தான் கிராங்க் சரியாகச் சுற்றுவதும் சுற்றாததும் இருக்கிறது.

கட்டப்படாத எந்தப் பாகத்துக்கும் ஆறு அசைவுகள் உண்டு. மேல்-கீழ், இட-வலம், முன்-பின் என நகர்வுகள் மூன்று. அந்த மூன்று திசைகளையும் அச்சாக வைத்துத் திரும்புவது மூன்று. ஒவ்வொரு மேட்டும் இவற்றில் சிலவற்றைப் பறிக்கிறது. பிஸ்டனின் உருளைப் பரப்பும் சிலிண்டர் துளையும் ஒரே மைய அச்சில் நிற்கட்டும் என்று சொல்வது கான்சென்ட்ரிக் மேட். அது நான்கு அசைவுகளை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது இரண்டு: துளைக்குள் ஏறி இறங்கலாம், நின்ற இடத்தில் பம்பரம்போலச் சுழலலாம். இரண்டு தட்டை முகங்கள் ஒரே தளத்தில் இருக்கட்டும் என்பது கோயின்சிடென்ட் மேட்.

மாணவர் முதலில் கிராங்க்கேஸை அசையாமல் நிறுத்துகிறார். திரையின் இடப்பக்கப் பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் (f) என்று விழுகிறது. அடுத்து கிராங்க்கின் அச்சை பேரிங் துளையோடு கான்சென்ட்ரிக் ஆக்கி, பக்கவாட்டில் ஓடாமல் இருக்க ஒரு முகத்தையும் பொருத்துகிறார். இப்போது கிராங்குக்கு மிச்சம் சுழற்சி ஒன்றுதான். கனெக்டிங் ராடின் பெரிய முனையை கிராங்க் பின்னோடு அதே முறையில் பூட்டுகிறார். பிஸ்டனைத் துளைக்குள் விடுகிறார். கடைசியாக பிஸ்டன் பின்னைப் பிஸ்டனோடு பொருத்தி, ராடின் சின்ன முனையை அந்தப் பின்னோடு கான்சென்ட்ரிக் ஆக்குகிறார். பிஸ்டனின் பம்பரச் சுழற்சியும் இந்த மேட்டோடு நின்றுவிடுகிறது. பின் திசை மாற முடியாதபடி ராட் பிடித்துக்கொள்கிறது.

கிராங்க்கைப் பிடித்து மவுஸால் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. பட்டியலில் நகரும் பாகங்களின் பெயருக்கு முன்னால் (-) இருக்கிறது. புதிதாகப் பழகுபவர்கள் இதைக் குறையாக நினைத்து, அந்தக் குறி போகும்வரை மேட் கொடுத்துக்கொண்டே போவார்கள். உண்மையில் அந்தக் குறி இருந்தே ஆக வேண்டும். ஓர் அசைவு இன்னும் பாக்கி என்பதுதான் அதன் பொருள். அதையும் பறித்துவிட்டால் எஞ்சின் சிலையாகிவிடும்.

கூடுதல் மேட் செய்யும் கெடுதலை ராடிலேயே பார்க்கலாம். பெரிய முனையின் பக்க முகத்தைக் கிராங்க்கோடு ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது. ராட் பக்கவாட்டில் எங்கே நிற்க வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. மாணவர் அதை மறந்து, சின்ன முனை பிஸ்டனின் இரண்டு உட்கன்னங்களுக்கு நட்டநடுவில் நிற்கட்டும் என்று இன்னொரு மேட்டும் கொடுக்கிறார். வரைந்ததில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் இரண்டு கட்டளைகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது. பட்டியலில் (+) குறியும் சிவப்பு எச்சரிக்கையும் வருகின்றன.

எஞ்சின் வடிவமைப்பாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு, திரையில் அல்ல, இரும்பில். அதனால்தான் ராடைப் பக்கவாட்டில் ஒரு முனையில் மட்டும் நெருக்கமாகப் பிடித்து, மறுமுனையில் இடைவெளி விடுகிறார்கள். சில எஞ்சின்களில் பிடிப்பு கிராங்க் பக்கம், சிலவற்றில் பிஸ்டன் பக்கம். இரண்டிலும் பிடித்தால் ராட் உரசிச் சூடாகும். திரையில் விழும் சிவப்புக் குறி அந்த உரசலைத்தான் முன்கூட்டிச் சொல்கிறது. ஆகவே அந்த மேட்டைத் திரும்ப எடுத்துவிட்டு, சின்ன முனையில் இடைவெளி இரு பக்கமும் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பதே சரியான வேலை.

அடுத்த மயக்கம் எல்லை. பிஸ்டன் 90 மி.மீ. தூரம்தான் நகர வேண்டும் என்று தெரியும். மென்பொருளிலோ ‘லிமிட் மேட்’ என்று ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. தூரத்துக்கோ கோணத்துக்கோ அதிக அளவையும் குறைந்த அளவையும் எழுதிவிட்டால், பாகம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நகரும். பிஸ்டனுக்கு அதைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். கொடுக்கக் கூடாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. 90 மி.மீ. ஓட்டம் என்றால் கிராங்க் ஆரம் அதில் பாதி, 45 மி.மீ. ராடின் இரு துளை மையங்களுக்கு இடையே 180 மி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது கிராங்க்கும் ராடும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். கிராங்க் அச்சிலிருந்து பிஸ்டன் பின்னின் உயரம் இரண்டின் கூட்டல், 225 மி.மீ. அடியில் இருக்கும்போது இரண்டின் கழித்தல், 135 மி.மீ. எல்லைகள் இரண்டையும் கிராங்க்கும் ராடும் தாமாகவே போட்டுவிட்டன. நாம் எழுத வேண்டிய எண் எதுவும் பாக்கியில்லை.

எழுதினால் என்ன ஆகும்? மாணவர் ராடை வரையும்போது கைதவறி 180-க்குப் பதில் 180.2 என்று அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். லிமிட் மேட் இல்லையென்றால் கிராங்க் முழுவட்டம் சுற்றும்; உச்சியில் அளந்தால் 225.2 என்று வரும், பிழை பிடிபட்டுவிடும். 225-க்கு மேல் போகாதே என்று மேட் இருந்தாலோ, உச்சிக்குச் சுமார் 5 டிகிரி இருக்கும்போதே கிராங்க் நின்றுவிடும். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் அதே இடத்தில் முட்டும். கால் மில்லிமீட்டருக்கும் குறைவான பிழை ஒரு சுற்றில் 10 டிகிரியை விழுங்கியிருக்கிறது. காரணம் புரியாமல் மாணவர் பேரிங்கையும் பிஸ்டனையும் சந்தேகித்து ஒவ்வொரு மேட்டாகக் கழற்றிக்கொண்டிருப்பார். உச்சிக்கு அருகே பிஸ்டன் ஏறக்குறைய நகர்வதே இல்லை என்பதால்தான் சின்னப் பிழை இவ்வளவு பெரிய கோணமாகத் தெரிகிறது.

பிஸ்டனின் நடையைச் சரிபார்க்க இன்னொரு நல்ல இடம் கால்சுற்று. கிராங்க்கை உச்சியிலிருந்து சரியாக 90 டிகிரி திருப்புங்கள். பிஸ்டன் பாதித் தூரம், அதாவது 45 மி.மீ. இறங்கியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த நிலையில் ராட், 180 மி.மீ. கர்ணமுள்ள ஒரு செங்கோண முக்கோணத்தின் சாய்வுப் பக்கம், அடிப்பக்கம் 45. பள்ளியில் படித்த பிதாகரஸ் கணக்கைப் போட்டால் உயரம் 174.3 மி.மீ. ஆக, பிஸ்டன் 225-லிருந்து 50.7 மி.மீ. இறங்கிவிட்டது. பாதித் தூரத்தை அது சுமார் 83 டிகிரியிலேயே தாண்டிவிடுகிறது. ராட் சாய்வதால் மேல்பாதியில் பிஸ்டன் வேகம், கீழ்ப்பாதியில் நிதானம். திரையில் அளந்த எண் 174.3 என்று வந்தால் மேட்டுகள் சரி. 180 என்று வந்தால், ராடின் சாய்வு எங்கோ தொலைந்திருக்கிறது, அல்லது அளக்கும் புள்ளி தவறு.

சுற்றிப் பார்க்கும்போது பிடிக்க வேண்டியது கிராங்க்கை. பிஸ்டனைப் பிடித்து இழுத்தால் உச்சியிலும் அடியிலும் மவுஸ் தடுமாறும். அங்கே கிராங்க் எந்தப் பக்கம் திரும்புவது என்று பிஸ்டனால் சொல்ல முடியாது. ஓடும் எஞ்சின் இந்த இரண்டு முட்டுப் புள்ளிகளையும் ஃப்ளைவீலின் உந்தத்தால் கடக்கிறது; திரையில் எடையும் இல்லை, உந்தமும் இல்லை. இன்னொரு விசித்திரமும் நடக்கும். முதலில் பிஸ்டனைத் தவறான இடத்தில் விட்டுவிட்டு மேட் கொடுத்தால், அது கிராங்க்குக்குக் கீழே போய்த் தொங்கும். கணக்கின்படி அதுவும் ஒரு விடைதான். கடைசி மேட்டுக்கு முன்பே பிஸ்டனைக் கையால் மேலே தள்ளி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

அப்படியானால் லிமிட் மேட் எதற்கு? மண்ணள்ளும் எந்திரத்தின் கையை நீட்டி மடக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பாருங்கள். அங்கேயும் பிஸ்டன் உண்டு, ஆனால் ஓட்டத்தை அளந்து கொடுக்கும் கிராங்க் இல்லை. உண்மையான சிலிண்டரில் இரு முனை மூடிகளில் பிஸ்டன் மோதி நிற்கும். திரையில் மோதல் இல்லாததால் அது மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அங்கே குறைந்த தூரமும் அதிக தூரமும் எழுதத்தான் வேண்டும். நம் புல்லட்டிலேயே கிக்கருக்குக் கோண எல்லை கொடுக்கலாம். அது ஒரு முட்டுக் கட்டையில் நிற்கும் பாகம்.

மேட்டுகள் எல்லாம் சரியாக விழுந்த பிறகும் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. அடிநிலையில் பிஸ்டனின் பாவாடை விளிம்பு, கிராங்க்கின் எதிர்எடையை நோக்கி இறங்கி வருகிறது. இரண்டையும் நேரடியாக இணைக்கும் மேட் எதுவும் இல்லை. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலும் கிராங்க் தயங்காமல் சுற்றும். பிஸ்டனை 135-ல் நிறுத்தி, கிராங்க்கேஸை மறைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து அந்த இடைவெளியை அளக்க வேண்டும். மோதல் சோதனையையும் இயக்கிவிட்டுக் கிராங்க்கை மெதுவாக ஒரு முழுச்சுற்று சுற்றினால், முட்டும் இடத்தில் பாகங்கள் நிறம் மாறி நின்றுவிடும். நின்ற இடத்தில் கிராங்க்கின் கோணத்தைக் குறித்துக்கொண்டு, பாவாடையில் எத்தனை மில்லிமீட்டர் குறைப்பது என்று மாணவர் பிஸ்டன் கோப்பைத் திறக்கிறார்.