வெயில் குடித்ததுபோக மிச்சம்

காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் பாலித்தீன் ஷீட் விரித்த தண்ணீர்க் குட்டைகளை இப்போது நிறையப் பார்க்கலாம். கரண்ட் இருக்கும் நேரத்தில் கிணற்றிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ ஏற்றி வைத்துக்கொண்டு, வேண்டியபோது சொட்டுநீரில் விடுகிறார்கள். ஷீட் போட்டாயிற்று, இனி ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காது என்ற நிம்மதி. ஆனால் மேல்பக்கம் திறந்தே கிடக்கிறது. அந்த வழியாகப் போகும் தண்ணீர் எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை.

ஒரு குட்டையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேல்வாய் 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 3 மீட்டர், கரைச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை. அடியில் அது 21 மீட்டராகச் சுருங்கும். நிறைந்தால் ஏறத்தாழ 19 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். ஜனவரி முதல் மே வரையான 150 நாட்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் 900 சதுர மீட்டர் பரப்பில் 5 மில்லிமீட்டர் என்றால் 4,500 லிட்டர். கோடையில் ஒரு தென்னைக்கு நாளைக்கு 65 லிட்டர் விடுவதாக வைத்தால், ஓர் ஏக்கர் தென்னைக்கான ஒருநாள் தண்ணீர் இது. குட்டையில் கைவைக்காமலே விட்டாலும் மே முடிவில் மட்டம் முக்கால் மீட்டர் இறங்கியிருக்கும். போனது ஆறே கால் லட்சம் லிட்டர், அதாவது நிரப்பியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இழப்பைக் குறைக்கக் கிளம்பும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மட்டம் இறங்குவது ஆவியாவதாலா, ஷீட்டில் எங்கோ விழுந்த ஓட்டையாலா? இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரண்டடிக்குக் குறையாத அகலமுள்ள, வெளிர்நிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று போதும். குட்டைத் தண்ணீரையே அதில் ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டமாக நிற்கும்படி குட்டையில் மிதக்கவிட்டு, கரையிலிருந்து கயிறு கட்டி நிறுத்துங்கள். விளிம்பு நீருக்கு மேல் நாலு விரற்கடை நின்றால் அலை உள்ளே தெறிக்காது. தொட்டியைக் கரைமேல் வைத்தால் அதிகமாகச் சூடேறிக் கணக்கு கெடும், அதனால்தான் தண்ணீரிலேயே விடுவது. மழையும் இல்லாமல், மோட்டாரும் போடாமல் ஐந்தாறு நாள் இரண்டு மட்டங்களையும் அளக்க வேண்டும். தொட்டியில் 30 மில்லிமீட்டர் குறைந்து, குட்டையிலும் 30 குறைந்தால் எல்லாம் வெயிலும் காற்றும் குடித்தது. குட்டையில் 50 குறைந்திருந்தால் மிச்சம் 20 கசிவு. அப்படியானால் முதல் செலவு ஷீட்டைச் சரிபார்ப்பதற்கு. மேலே என்ன மூடினாலும் கீழே போவது நிற்காது.

ஆவியாதல்தான் என்று தெரிந்தால், வெயிலை மறைப்பதா, காற்றை மறைப்பதா என்ற கேள்வி வருகிறது. இரண்டும் சமமல்ல. நீரை ஆவியாக்கும் சக்தியில் பெரும்பகுதி வெயிலிலிருந்து வருகிறது. நீர்ப்பரப்பை ஒட்டி ஈரம் தேங்கிய காற்றுப்படலம் ஒன்று இருக்கும். வீசும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய் வறண்ட காற்றை அங்கே கொண்டுவந்து வைக்கிறது. காற்றைப் பாதியாகக் குறைத்தால் இழப்பும் பாதியாகும் என்று நினைக்கக் கூடாது. காற்று அடங்கினால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும், அந்தச் சூடு ஆவியாதலை மறுபடி தூக்கிவிடும். அதனால் சிறிய குட்டையில் காற்றுத்தடுப்பு மட்டும் போட்டால் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு மிச்சமாகும். வெயிலையும் மறைத்தால் கதையே வேறு. ஸ்பெயின் நாட்டின் செகுரா ஆற்றுப்படுகையில் பாசனக் குளங்களின் மேல் கறுப்பு நிழல்வலையைக் கட்டிப் பார்த்தபோது ஆவியாதல் சுமார் 80 விழுக்காடு குறைந்தது.

நம் குட்டைக்கு 70 விழுக்காடு என்றே வைத்தாலும் அந்த 150 நாளில் நாலு லட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். 5,000 லிட்டர் டேங்கரில் 80 லோடுக்கும் அதிகம். உங்கள் ஊரில் ஒரு லோடு விலையால் பெருக்கி, வலை நாலைந்து ஆண்டு உழைக்கும் என்று கொண்டால், செலவு தாங்குமா என்பது தெரிந்துவிடும். தண்ணீரில் வெயில் படாததால் பாசியும் குறையும். சொட்டுநீர் ஃபில்டரை அடிக்கடி கழற்றிக் கழுவுகிறவர்களுக்கு இதுவே பெரிய லாபம்.

வலையைக் கட்டுவதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். குட்டைக்கு நடுவே கம்பம் நட்டால் ஷீட் கிழியும். ஆகவே கரையில் மட்டும் கம்பம் நட்டு, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கம்பிவடம் இழுத்து, அதன்மேல் வலையை விரிக்க வேண்டும். வடம் கம்பத்தை உள்நோக்கி இழுக்கும் என்பதால் ஒவ்வொரு கம்பத்துக்கும் வெளிப்பக்கம் மண்ணில் புதைத்த கல்லோடு தாங்குகம்பி கட்டுவது கட்டாயம். 30 மீட்டர்தான் ஏறத்தாழ இதற்கு எல்லை. அதற்கு மேல் வடம் தொய்ந்து வலை தண்ணீரைத் தொடும். வலையை வடத்தோடு மேலும் கீழுமாகப் பிணைக்காவிட்டால் ஆடிக் காற்று தூக்கிக் கிழித்துவிடும்.

வடம் வேண்டாம், மிதக்கும் பொருளைப் போட்டால் என்ன? 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள், சற்று நேரத்தில் காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. தெர்மாகோல் நீராவியைத் தடுக்கும் என்பதில் தவறில்லை. எடையில்லாத அட்டைக்கு அடியில் காற்று புகுந்தால் அது நிற்காது, அவ்வளவுதான். 2015-இல் லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளைக் கொட்டியபோது, காற்றில் பறக்காதிருக்க ஒவ்வொன்றுக்குள்ளும் தண்ணீர் வைத்திருந்தார்கள். அவர்களின் முதல் நோக்கம் வெயில் பட்டுக் குடிநீரில் உருவாகும் புரோமேட் என்ற நச்சைத் தடுப்பது. ஆவி மிச்சம் கூடவே வந்தது. ஆகாயத்தாமரை மூடிக்கொள்ளட்டும் என்று விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது இலைவழியாகத் திறந்த நீரைவிட அதிகமாகவே தண்ணீரை வெளியேற்றும்.

காற்றுத்தடுப்புக்கும் இடம் இருக்கிறது, குறிப்பாகப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் இந்த வட்டாரத்தில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகம் மூடியிருந்தும் மட்டம் இறங்குவது அந்த மேல்காற்றால்தான். தடுப்பு மேற்குக் கரையில், குட்டையின் அகலத்தைத் தாண்டி இருபுறமும் நீண்டிருக்க வேண்டும். சுவர் கட்டினால் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழும். பாதிக் காற்றை உள்ளே விடும் தடுப்பே நல்லது. 50 விழுக்காடு நிழல்வலையைக் கரைமேல் நிமிர்த்திக் கட்டலாம், உடனே பலன் தரும். நாள் பொறுத்துப் பலன் போதும் என்றால் சவுக்கு நடலாம், ஆனால் வேர் ஷீட்டைத் துளைக்காத தூரத்தில். இந்தப் பக்கத்துக் கிளுவை வேலி தாழ்வானது, அது மட்டும் போதாது. தடுப்பின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரைதான் நல்ல அடக்கம் கிடைக்கும். 3 மீட்டர் வலை நம் 30 மீட்டர் குட்டைக்குச் சரியாக இருக்கும்.

இதே காரணத்தால் ஊர் ஏரிக்கு இவை எதுவும் பொருந்தாது. 10 மீட்டர் உயர மரவரிசை 100 மீட்டருக்குக் காற்றை அடக்கும், ஒரு கிலோமீட்டர் அகல ஏரியில் அது ஓரம் மட்டுமே. அங்கே செய்யத்தக்கது, தூர்வாரும்போது ஒரு பகுதியை ஆழமாக வெட்டுவது. அகலம் குறைந்து ஆழம் கூடிய இடத்தில் அதே தண்ணீர் சேர்ந்தால், கோடையில் வெயிலுக்குக் காட்டும் பரப்பு குறையும், இழப்பும் அந்த அளவுக்குக் குறையும்.