ஐந்து பவுண்டு வீரன்: பழைய சதுரங்கக் காயை எடைபோடுவது எப்படி?

1964-ல் எடின்பரோவைச் சேர்ந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஐந்து பவுண்டு கொடுத்து ஒரு சிறு சிற்பத்தை வாங்கினார். தாடி வைத்த வீரன், ஒரு கையில் வாள், மறுபக்கம் கேடயம். உயரம் 8.8 சென்டிமீட்டர். வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய பழைய சதுரங்கக் காய் என்று தம் கணக்கேட்டில் எழுதி வைத்தார். பிறகு பல காலம் அது குடும்பத்தாரின் மேசை இழுப்பறையில் கிடந்தது. 2019-ல் சோத்பிஸ் நிறுவனம் லண்டனில் ஏலம் விட்டபோது 7,35,000 பவுண்டுக்கு விலைபோனது.

அந்த வியாபாரி கணித்தது சரிதான். ஆனால் அது பாதிக் கணிப்பு. பொருள் எது என்று கண்டவர், அந்தக் காய் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தேடவில்லை. பழைய காய்களைப் பார்க்கிறவர்கள் பொருள், தேய்மானம், செதுக்கு முறை என்ற மூன்றையும் தனித்தனியே சோதிப்பார்கள். மூன்றும் ஒரே கதையைச் சொன்னால்தான் முடிவுக்கு வருவார்கள்.

முதலில் பொருள். யானைத் தந்தத்தைக் குறுக்கே வெட்டிய பரப்பில், ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய வளைகோடுகள் வலைபோலத் தெரியும். வால்ரஸ் தந்தத்தின் வெளிப்புறம் வழவழப்பாக இருக்கும். உள்நடுவில் மட்டும் வேகவைத்த ஜவ்வரிசியைப் பரப்பியதுபோல மங்கலான திட்டுகள் நெருங்கிக் கிடக்கும். எலும்பில் இரத்தக் குழாய்கள் ஓடிய இடங்கள் நுண்ணிய கருப்புப் புள்ளிகளாகவும் கீற்றுகளாகவும் தெரியும். எனவே காயைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பதே முதல் வேலை. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பிளாஸ்டிக் இளகிக் காட்டிக்கொடுக்கும் என்பது மெய்தான். ஆனால் உண்மையான தந்தமாக இருந்தால் அதில் அழியாத வடு விழுந்துவிடும்.

பிசினில் வார்த்த நகல்கள் விரிசலையும் சேர்த்தே நகலெடுக்கும். ஆனால் அந்த விரிசல் மேலோட்டமான பள்ளமாக நின்றுவிடும், உள்ளே இறங்காது. வார்ப்பின் இரு பாதிகள் சேர்ந்த தையல் கோடோ, சிறு காற்றுக்குமிழோ எங்காவது அகப்படும்.

அடுத்தது தேய்மானம். விளையாடுகிறவர் காயின் தலையையும் தோளையும் பிடித்துத் தூக்குவார். அடிவிளிம்பு பலகையில் உரசும். ஆகவே மூக்கு, தோள், அடிவிளிம்பு போன்ற மேடுகள் மழுங்கியிருக்க வேண்டும். ஆடை மடிப்புகளின் ஆழத்தில் உளியின் தடம் கூர்மையாகவே இருக்க வேண்டும். விரல் எட்டாத பள்ளமும் மேட்டைப்போல ஒரே அளவில் மழுங்கியிருந்தால், அல்லது பழுப்பு நிறம் எங்கும் ஒரே சீராகப் படிந்திருந்தால், யாரோ காயைச் செயற்கையாகப் பழசாக்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

பழைய தந்தத்தில் புதிதாகச் செதுக்கிய போலிகளும் உண்டு. அங்கே பொருள் சோதனை உதவாது. விரிசலைத்தான் பார்க்க வேண்டும். செதுக்கிய கோட்டை விரிசல் இரண்டாகப் பிளந்து சென்றால், செதுக்கிய பிறகு வந்த விரிசல் அது. உளிக்கோடு விரிசலை ஒட்டி ஒதுங்கிப் போனாலோ, விரிசலின் உட்சுவரில் இறங்கியிருந்தாலோ, விரிந்த தந்தத்தில் பின்னால் செதுக்கியிருக்கிறார்கள்.

மூன்றாவது செதுக்கு முறை. ஐந்து பவுண்டு வீரனின் பூர்வீகம் இங்கேதான் வெளிப்பட்டது. 1831-ல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 93 பழம்பொருள்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை சதுரங்கக் காய்கள். இன்று 82 பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் 11 எடின்பரோவிலும் உள்ளன. பிதுங்கிய உருண்டைக் கண்கள், கன்னத்தில் கை வைத்த ராணி, நாம் யானை என்று சொல்லும் காயின் இடத்தில் காவல் வீரன் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். வீரர்களில் சிலர் கேடயத்தின் விளிம்பைப் பல்லால் கடிக்கிறார்கள். அரியணைகளின் பின்புறக் கொடிவேலைப்பாடு நார்வேயின் டிரொண்ட்ஹைம் நகரச் சிற்பங்களை ஒத்திருப்பதாலும், பிஷப்புகளின் தொப்பி முன்னும் பின்னும் கூம்பிய வடிவில் இருப்பதாலும், பெரும்பாலான ஆய்வாளர்கள் இவற்றை 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே செய்தவை என்று கருதுகிறார்கள்.

பெரிய காய்களை நான்கு தொகுப்புகளாக அடுக்கினால் ஒரு குதிரையும் நான்கு வீரர்களும் குறைகின்றன. இழுப்பறை வீரன் அந்தக் காலி இடங்களில் ஒன்றுக்குப் பொருந்தினான். இடக்கண் சிதைந்திருந்தும் முகவெட்டு, நின்ற நிலை, அளவு எல்லாம் ஒத்துவந்தன.

உங்கள் வீட்டிலும் பழைய காயோ பகடையோ இருக்கலாம். அதைக் கழுவாதீர்கள், மெருகும் போடாதீர்கள். நீர் பட்டால் தந்தம் உப்பி வெடிக்கும். பள்ளத்து அழுக்கோடு சேர்ந்து சான்றும் போய்விடும். யானைத் தந்தம் என்று தெரிந்தால் விற்க நினைக்க வேண்டாம். எவ்வளவு பழையதாக இருந்தாலும் இந்தியாவில் அதை விற்பது குற்றம்.