பத்து டீ, பதினைந்து வடை

பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் கணக்குத்தாளோடு வந்தாள். டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். இரண்டாவது டம்ளரும் காலியான பிறகுதான் எழுந்தோம்.

கணக்கு இதுதான். 3.31 கிராம் லெட் நைட்ரேட்டையும் 2.49 கிராம் பொட்டாசியம் அயோடைடையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து ஒன்றாக ஊற்றுகிறோம். லெட் அயோடைடு பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவாக இறங்குகிறது. வடிகட்டி உலர்த்தி நிறுத்தால் 3.10 கிராம். விளைச்சல் எத்தனை சதவீதம்?

Pb(NO₃)₂ + 2KI → PbI₂ + 2KNO₃

அவள் போட்ட விடை 67. "கிடைக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு எங்கே மாமா போச்சு?" என்று கேட்டாள். எங்கும் போகவில்லை. வழியில் ஓரிடத்தில் தவறு நடந்திருந்தது.

முதல் படியை அவள் சரியாகவே செய்திருந்தாள். சமன்பாடு பேசுவது எண்ணிக்கையை, தராசு காட்டுவது எடையை. லெட் நைட்ரேட்டின் மோலார் நிறை 331 கிராம், பொட்டாசியம் அயோடைடுக்கு 166 கிராம். முன்னதன் ஓர் அலகு பின்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அதனால் கிராமை வைத்து எது அதிகம், எது குறைவு என்று சொல்லவே முடியாது. அவரவர் மோலார் நிறையால் வகுத்தால்தான் எண்ணிக்கை தெரியும். 3.31-ஐ 331-ஆல் வகுத்தால் 0.010 மோல். 2.49-ஐ 166-ஆல் வகுத்தால் 0.015 மோல்.

இங்கேதான் அவள் சறுக்கினாள். 0.010 சின்ன எண், ஆகவே லெட் நைட்ரேட்தான் முதலில் தீரும் என்று எழுதிவிட்டாள். பார்த்தவுடன் சரியென்றே தோன்றும்.

"பத்து டம்ளர் டீ இருக்கு, பதினைந்து வடை இருக்கு. ஒரு டீக்கு ரெண்டு வடைன்னு வெச்சா எது முதல்ல தீரும்?" என்றேன்.

"வடை."

"எண்ணிக்கையில வடைதானே அதிகம்?"

கொஞ்ச நேரம் பேசாமல் சமன்பாட்டைப் பார்த்தாள். KI-க்கு முன்னால் நிற்கும் அந்த 2-இல் விரலை வைத்தாள். அவ்வளவுதான், பிடிபட்டுவிட்டது.

0.010 மோல் லெட் நைட்ரேட் முழுவதும் வினைபுரிய 0.020 மோல் பொட்டாசியம் அயோடைடு வேண்டும். கையில் இருப்பது 0.015. எனவே பொட்டாசியம் அயோடைடுதான் முதலில் தீர்கிறது. அதைத்தான் லிமிட்டிங் ரீஏஜென்ட் என்கிறோம். ஒவ்வொரு மோல் எண்ணையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் நிற்கும் எண்ணால் வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். இங்கே 0.010, 0.0075 என்று வரும். சிறியது எதுவோ அதுவே வினையை நிறுத்தும்.

மீதி எளிது. ஏழரை ஜோடி டீ-வடை போல 0.0075 மோல் லெட் அயோடைடு உண்டாகும். அதன் மோலார் நிறை 461 கிராம். பெருக்கினால் 3.46 கிராம். அதுதான் கிடைக்கக்கூடிய உச்சம். கிடைத்த 3.10-ஐ அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 90 சதவீதம். அவள் தவறான பொருளைப் பிடித்துக்கொண்டு உச்சத்தை 4.61 கிராம் என்று வைத்திருந்தாள். நன்றாகச் செய்த சோதனை, தாளில் மோசமான சோதனையாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம்.

மிச்சப் பத்து சதவீதத்துக்குக் காரணம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. வடிதாளிலும் பீக்கர் சுவரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். வீழ்படிவைக் கழுவும் தண்ணீரிலும் கொஞ்சம் கரையும். 100 மி.லி. குளிர்ந்த நீரில் லெட் அயோடைடு 0.1 கிராமுக்கும் குறைவாகத்தான் கரையும். கொதிநீரிலோ அதைப்போல் பல மடங்கு. சுத்தமாகட்டும் என்று சுடுநீர் ஊற்றிக் கழுவினால் மஞ்சள் நம் கண்ணெதிரே வடிந்து போய்விடும்.

நூறைத் தாண்டி விடை வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டாள். 3.67 கிராம் என்று நிறுத்திருந்தால் 106 சதவீதம் வரும். பொருள் கூடுதலாக உண்டாகிவிடாது. பெரும்பாலும் அது ஈரம். மறுபடி உலர்த்தி, ஆறவைத்து, நிறுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும்வரை விடக்கூடாது. அப்போதும் நூறைத் தாண்டினால், சரியாகக் கழுவாத உப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

எது மிஞ்சியது என்பதைக் கண்ணாலும் சரிபார்க்க முடியும். வடிந்த தெளிவில் சில சொட்டு பொட்டாசியம் அயோடைடு விட்டால் மறுபடி அடர்மஞ்சள் இறங்கும். நம் கணக்குப்படி அதில் இன்னும் 0.0025 மோல், அதாவது 0.83 கிராம் லெட் நைட்ரேட் கரைந்திருக்கிறது. பார்வைக்கு அது வெறும் தண்ணீர்தான். ஆனால் காரீயம் நஞ்சு. அதைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், ஆய்வகத்தில் அதற்கென வைத்திருக்கும் கழிவுப் பாட்டிலில் சேர்த்துவிடுங்கள்.