மாத்திரை தரும் அமைதி

மறதி நோய் (டிமென்ஷியா) முற்றிய ஒருவர் இரவெல்லாம் கத்துகிறார், கவனிப்பவரை அடிக்கிறார். ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மாத்திரை கொடுத்ததும் அடங்கிவிடுகிறார். குடும்பம் நிம்மதியாகத் தூங்குகிறது. மருத்துவரின் கவலையோ அங்கேதான் தொடங்குகிறது.

2009இல் பிரிட்டிஷ் அரசுக்காகப் பேராசிரியர் சுபே பானர்ஜி தயாரித்த அறிக்கை ஒரு கணக்கைச் சொன்னது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,80,000 மறதி நோயாளிகள் இவ்வகை மருந்துகளை எடுத்தார்கள். பலன் கண்டவர்கள் அதிகபட்சம் 36,000 பேர். மருந்தால் கூடுதலாக வந்த பக்கவாதம் போன்ற மூளை ரத்தநாளப் பாதிப்புகள் 1,620. கூடுதல் மரணங்கள் 1,800.

இதற்கான காரணம் முழுமையாகத் தெளிவாகவில்லை. மயக்கத்தில் கிடப்பவர் தண்ணீர் குடிப்பதும் நடமாடுவதும் குறைகிறது. எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென இறங்குகிறது. ஏற்கெனவே பழுதடைந்த மூளை ரத்தக்குழாய்களுக்கு இவை சுமையாகலாம் என மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

அதனால் முதலில் ஆத்திரத்தின் காரணத்தைத் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி போன்றவற்றைச் சொல்லத் தெரியாதவர் கத்தித்தான் காட்டுவார். அது தீர்ந்தால் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். தவிர்க்க முடியாதபோது மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். பிரிட்டனில் ரிஸ்பெரிடோனுக்கான அனுமதி 6 வாரம் வரைதான்.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். எப்போது குறைக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேளுங்கள்.