வெயில் ஏற ஏற மின்சாரம் இறங்குவது ஏன்?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பினாங்கில் மழை குறைவு. வானம் தெளிந்து வெயில் சுள்ளென்று அடிக்கும். கூரையில் சோலார் தகடு போட்டவர்களுக்கு இதுதான் அறுவடைக் காலம் என்று தோன்றும். ஆனால் உச்சி வெயிலில் கைப்பேசிச் செயலியைத் திறந்தால், 5.5 கிலோவாட் என்று விற்கப்பட்ட அமைப்பு 4.6 கிலோவாட்டை ஒட்டியே நிற்கும். விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என்ற சந்தேகம் எழும். பெரும்பாலும் அப்படி இல்லை. காரணம் தரவுத்தாளில் அச்சாகியே இருக்கிறது.

சோலார் தகட்டுக்கு வேண்டியது ஒளிதான், வெப்பம் அல்ல. ஒளி பட்டதும் சிலிக்கானுக்குள் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றை ஒரே திசையில் தள்ளுவது செல்லின் மின்னழுத்தம். சிலிக்கான் சூடேறினால், ஒளியின் உதவி இல்லாமல் வெப்பத்தாலேயே உள்ளே எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. இவை மின்சாரமாக வெளியே வருவதில்லை. உள்ளுக்குள்ளேயே கசிவைக் கூட்டி, அந்த மின்னழுத்தத்தைக் கரைக்கின்றன. மின்னோட்டம் மிகச் சிறிதளவு கூடத்தான் செய்கிறது. ஆனால் மின்னழுத்தத்தில் ஏற்படும் இழப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது.

தொழிற்சாலையில் ஒரு தகட்டுக்கு 550 வாட் என்று முத்திரை குத்தும்போது, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். விளக்கை ஒரு நொடிக்கும் குறைவாக மின்னவிட்டு அளப்பதால், தகடு சூடாக நேரமே இருப்பதில்லை. ஜோர்ஜ்டவுன் கூரையில் நண்பகலில் அந்த 25 டிகிரியை நாம் பார்க்கவே முடியாது.

பத்துத் தகடுகள் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரவுத்தாளில் NOCT என்ற வரியில் 45 டிகிரி என்றிருக்கும். காற்று 20 டிகிரி, ஒளி சதுர மீட்டருக்கு 800 வாட், மெல்லிய காற்றோட்டம் என்ற நிலையில் செல் எட்டும் சூடு அது. அதாவது 800 வாட் ஒளிக்குச் சுற்றியுள்ள காற்றைவிட 25 டிகிரி கூடுதல். நண்பகலில் ஒளி 1000 வாட்டை எட்டினால் 31 டிகிரி கூடுதல். அன்று காற்றின் வெப்பநிலை 33 டிகிரி என்றால், செல் 64 டிகிரியில் இருக்கும். சோதனைச்சாலை அளவைவிட இது 39 டிகிரி அதிகம்.

இப்போது வெப்பநிலைக் கெழுவைப் பாருங்கள். Pmax என்பதற்கு எதிரே −0.35%/°C என்றிருந்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 விழுக்காடு குறைகிறது என்று பொருள். 39 டிகிரிக்கு ஏறக்குறைய 13.7 விழுக்காடு. 5.5 கிலோவாட் 4.75 ஆகிவிடும். இன்வெர்ட்டரும் கம்பியும் எடுத்துக்கொள்வது போக, செயலியில் தெரியும் 4.6 வந்துவிட்டது. கணக்கை விடவும் வெகுவாகக் குறைந்தால்தான் நிழல், தூசி, பழுது என்று தேட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அதே தாளில் Voc என்பதற்கும் ஒரு கெழு உண்டு. அது பெரும்பாலும் −0.27 போல சிறியதாக இருக்கும். விற்பனையாளர் அதைக் காட்டினால் ஏமாற வேண்டாம். உங்களுக்கு வேண்டியது Pmax வரிதான்.

எல்லாத் தகடுகளும் ஒரே அளவில் இழப்பதில்லை. நம் பக்கத்திலுள்ள கெடா, கூலிமில் பானாசோனிக் சில ஆண்டுகளுக்கு முன்புவரை தயாரித்த எச்ஐடி தகடுகளின் கெழு சுமார் −0.26தான். சிலிக்கான் செல்லின் இருபுறமும் மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுத்து உள்கசிவை அடக்கியிருந்தார்கள். மின்னழுத்தம் உயர்ந்தது, சூட்டில் விழும் விகிதமும் குறைந்தது. இன்று சந்தையிலுள்ள டாப்கான் வகைக்கு இது ஏறக்குறைய −0.30.

கூடுதல் விலை கொடுக்கத் தகுமா? நம் கணக்கில் −0.26 தகடுகள் நண்பகலில் 4.94 கிலோவாட் தரும். வித்தியாசம் 0.19 கிலோவாட். காலையிலும் மாலையிலும் தகடு இவ்வளவு சூடாவதில்லை என்பதால், நாள் முழுவதற்கும் பார்த்தால் லாபம் இரண்டு விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். கூரையில் இடம் குறைவாக உள்ளவர்கள் யோசிக்கலாம். இடம் தாராளமாக இருந்தால், அந்தப் பணத்துக்கு இன்னொரு தகடு போடுவதே மேல் என்பது என் எண்ணம்.

செலவில்லாத வழி காற்றோட்டம்தான். தகட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே ஒரு சாண் அளவாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். கூரையோடு ஒட்டிப் பதித்தால் 64 டிகிரியையும் தாண்டிவிடும். குளிர்விக்கிறேன் என்று நண்பகலில் தண்ணீர் அடிப்பது ஆபத்து, கொதிக்கும் கண்ணாடி விரிசல் விடலாம். கழுவுவதென்றால் விடியற்காலையில் செய்யுங்கள்.

செயலியில் இன்னொரு வேடிக்கையையும் கவனிக்கலாம். ஒரு மழை பெய்து ஓய்ந்து, மேகம் விலகிச் சூரியன் பளிச்சென்று எட்டிப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் கோடு திடீரென்று 5 கிலோவாட்டைத் தாண்டும். தகடுகள் இன்னும் குளிர்ந்தே இருக்கின்றன. மேகத்தின் ஓரத்தில் பட்டுச் சிதறும் ஒளியும் சேர்ந்துகொள்கிறது. கால் மணி நேரத்துக்குள் தகடு சூடேறி, கோடு பழையபடி இறங்கிவிடும்.